பங்காளிகள் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனால்: நுழைவது, வணக்கம் சொல்வது, விட்டுப்போனதைக் கேட்பது

செட்டிநாட்டுப் பெரிய வீடு பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருப்பதில்லை. பாட்டனார் கட்டிய வீட்டுக்கு இன்று பத்துப் பதினைந்து பங்குகள் இருக்கும். பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். ஓடு மாற்றுவது, கரண்ட் பில், காவலுக்கு இருப்பவரின் சம்பளம் என்று எதைப் பேசினாலும் எல்லோரும் ஊருக்கு வரும் ஒரு நாளில்தான் பேச முடியும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்குச் சாப்பாடு, அதன் பிறகு ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். கையில் இருப்பது மூன்று மணி நேரம். அதில் ஒருவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தால் அவருக்குப் போனது முக்கால் மணிதான். அவர் நுழையும் விதம் சரியில்லை என்றால் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கால் மணி நேரம் போகும்.

இந்த வழிகாட்டி அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் ஒரு வீடு, 14 பங்கு. பத்து மணிக்குக் கூட்டம். பதினோரு பேர் நேரில் வந்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவரும் கோலாலம்பூரிலிருந்து ஒருவரும் போனில் இருக்கிறார்கள். பதினான்காவது ஆள் திருச்சிப் பக்கமிருந்து காரில் வருகிறார், பத்தே முக்காலுக்குத்தான் வந்து சேர்வார். பேச வேண்டியவை ஆறு: போன வருடக் கணக்கு, கரண்ட் பில் பாக்கி, ஓடு மராமத்து, இரண்டாம் கட்டுச் சுவர் விரிசல், காவலாளி சம்பளம், அடுத்த கூட்டத்தின் தேதி.

வழியில் இருக்கும்போதே ஒரு செய்தி

தாமதமாகும் என்று தெரிந்தவுடன் குழுவில் செய்தி போட வேண்டும். “ட்ராஃபிக், கொஞ்சம் லேட் ஆகும்” என்று போடுவதால் யாருக்கும் பயனில்லை. “கொஞ்சம்” என்றால் ஐந்து நிமிடமா ஒரு மணி நேரமா என்று தெரியாமல், தொடங்கலாமா வேண்டாமா என்று அங்கே ஒரு பேச்சு நடக்கும். செய்தியில் மூன்று விஷயம் இருந்தால் போதும். எங்கே இருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்த விஷயத்துக்கு உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

“10.25. இப்பத்தான் திருமயம் தாண்டுறேன். 10.45க்கு வீட்டுல இருப்பேன். கணக்கும் கரண்ட் பில்லும் நான் இல்லாம முடிச்சுருங்க, எனக்குச் சம்மதம். ஓடு விஷயத்துல மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும்.”

கடைசி வரிதான் இதில் முக்கியமானது. கூட்டத்தை நடத்துகிறவருக்கு இப்போது வரிசை தெரியும். மூன்றாவது விஷயம் 10.40க்கே வந்துவிட்டால், நான்காவதை முன்னால் எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கும் உங்கள் சம்மதம் எழுத்தில் இருக்கிறது, அதனால் நீங்கள் வந்த பிறகு அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் ஓரமாக நிறுத்திப் போடுங்கள், அல்லது கூட வருகிறவரைப் போடச் சொல்லுங்கள்.

பொய்யாக நேரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி அரை மணி நேரம் ஆக்கினால், அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூட்டம் உங்களுக்காக நிற்கும், அப்புறம் எரிச்சலோடு தொடங்கும். அந்த எரிச்சல் நீங்கள் உள்ளே வரும்போது கூட்டம் நடக்கும் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், அப்படியே இருக்கும்.

முகப்பிலிருந்து வளவு வரை

செட்டிநாட்டு வீடு நேர்கோட்டில் கட்டியது. வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பின்வாசல் வரை பார்வை போகும். அதனால் நீங்கள் படியேறும்போதே வளவில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துவிடுவார்கள். கல்லும் ஆத்தங்குடிக் கல்லும் பாவிய தரை, உயரமான கூரை, நடுவில் திறந்த முற்றம், எனவே முகப்பில் பேசுவது வளவில் கேட்கும். திண்ணையில் நின்று போனில் “ஆங், வந்துட்டேன், வந்துட்டேன்” என்று பேசி முடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பேச்சு முழுவதும் கூட்டத்துக்குள் போய்விட்டது.

போனை வண்டியிலேயே சத்தமில்லாமல் ஆக்கிவிடுங்கள். செருப்பைக் கழற்றி, பையை முகப்பிலேயே ஓரமாக வையுங்கள். வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் உங்கள் பங்கு அறை எது என்று உங்களுக்குத் தெரியும், சாவியும் கையில் இருக்கும், பையை உள்ளே வைத்துவிட்டு உட்காரலாம் என்றுதான் கை போகும். அந்தப் பழைய தேக்குக் கதவைத் திறந்தால் கீல் கத்தும், பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிடுவார். அறையைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்துகொள்ளலாம்.

வளவுக்குள் காலை வைக்கும் முன் நிலைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். யார் பேசுகிறார், எதைப் பற்றி, குரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு போதும். ஒருவர் தொகையை வாசித்துக்கொண்டிருந்தால் அவர் அந்த வரியை முடிக்கும்வரை நில்லுங்கள். “நாலு லட்சத்து இருபதாயிரம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உள்ளே வந்தால், பாதிப் பேர் காதில் நாலு லட்சம் மட்டும்தான் விழும். பத்து நிமிடம் கழித்து அதனால் ஒரு சண்டை வரும்.

“வாங்க”வை வாங்கிக்கொள்வது

வேறு எங்கும் தாமதமாக வருகிறவர் ஓசையில்லாமல் உட்கார்ந்துவிடலாம். செட்டிநாட்டில் முடியாது. வருகிறவரை “வாங்க” என்று கேட்பது இங்கே மரியாதை மட்டுமில்லை, உறவின் கணக்கு. “நான் போனேன், அவர் வாங்கன்னுகூடக் கேக்கலை” என்பது வருடக்கணக்கில் நிற்கும் மனத்தாங்கல். எனவே நீங்கள் எவ்வளவு பதுங்கி வந்தாலும் பதினோரு பேரும் திரும்பி “வாங்க” என்பார்கள், அதுதான் முறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக “வாங்க அண்ணே, எப்ப வந்தீக, ஆச்சி நல்லா இருக்காகளா” என்று பதில் சொன்னால் ஆளுக்குப் பத்து விநாடி வைத்தாலும் இரண்டு நிமிடம். அதில் ஒருவர் “எந்த வழியா வந்தீக?” என்று கேட்டுவிட்டால் ஐந்து நிமிடம்.

அதனால் “வாங்க” வருவதற்கு முன் உங்கள் வணக்கம் போய்விட வேண்டும். வளவின் ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படும் ஓரிடத்தில் நின்று, இரண்டு கையும் கூப்பி, முதலில் அங்கே இருக்கும் மூத்தவரைப் பார்த்து, பிறகு கையை இறக்காமலே சபையை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே வரி:

“எல்லாருக்கும் வணக்கம். தாமதமாயிருச்சு, மன்னிக்கணும்.”

கூப்பிய கை எல்லோருடைய “வாங்க”வுக்கும் சேர்த்துப் பதிலாகிவிடும். ஒருவர் வாய்விட்டு “வாங்க தம்பி” என்றால் தலையசைப்பு போதும். உங்களை விட மூத்தவர் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் “வணக்கம் பெரியப்பா” என்று ஒரு சொல். காலில் விழுந்து கும்பிட வேண்டிய பெரியவர்கள் இருப்பார்கள், அதைக் கூட்டம் முடிந்த பிறகு செய்யுங்கள். நடுவில் ஒருவரைக் கும்பிட்டால் அடுத்தவரையும் கும்பிட வேண்டும், அவரும் எழுந்து ஆசீர்வாதம் சொல்ல வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் சொல்லவே சொல்லாதீர்கள். இது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். ஆனால் “திருச்சி பைபாஸ்ல லாரி கவுந்து கெடந்துச்சு” என்று தொடங்கினால், போன வாரம் அதே இடத்தில் நின்றவர் ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். யாராவது கேட்டால், “சாப்பிடும்போது சொல்றேன் அண்ணே” என்பதே நல்ல பதில். கேட்டவரும் நிம்மதியாகத் திரும்பிவிடுவார்.

இன்னொன்று காப்பி. நீங்கள் உட்காரும் முன்பே உள்ளேயிருந்து ஆச்சி ஒருவர் டம்ளரோடு வந்துவிடுவார். வேண்டாம் என்று மறுத்தால் நேரம் மிச்சம் என்று நினைப்பது தவறு. மறுத்தால் “ஒரு வாய் குடிங்க, காலையில என்ன சாப்பிட்டீக, இட்டிலி இருக்கு” என்று வற்புறுத்தல் தொடங்கும். ஒரு தலையசைப்போடு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அதோடு முடிந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

இதுதான் நடுநாயகமான இடம், இங்கேதான் பெரும்பாலும் தவறும் நடக்கிறது. உட்கார்ந்தவுடன் வாயில் வரும் கேள்வி “என்ன பேசிக்கிட்டிருக்கீக?” அல்லது “எது வரைக்கும் முடிஞ்சுது?” இரண்டும் சாதாரணக் கேள்விதான். ஆனால் இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் முடியும். யாரைப் பார்த்துக் கேட்டீர்கள் என்பது தெளிவில்லாததால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்குவார்கள், அதில் ஒருவர் முதல் விஷயத்திலிருந்து ஆரம்பிப்பார்.

கேட்க வேண்டியது வேறு மாதிரி: விட்டுப்போனதை எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதா, இல்லையா. அதையும் சபையைப் பார்த்துக் கேட்காமல், கூட்டத்தை நடத்துகிற ஒருவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

“அண்ணே, எனக்கு ஏதும் சொல்ல வேண்டியது இருக்கா? இல்லைன்னா நீங்க பாட்டுக்குத் தொடருங்க, நான் அப்புறம் கேட்டுக்கறேன்.”

இந்த வரியில் முடிவு அண்ணன் கையில் இருக்கிறது. அவர் “இல்லை, உக்காருங்க” என்றால் விஷயம் தீர்ந்தது. “ஓடு விஷயம் ஓடிக்கிட்டிருக்கு, உங்க பங்குத் தொகை அதுல இருக்கு, ஒரு நிமிஷம் சொல்லிடறேன்” என்றால் அதுவும் சரி. சொல்வதற்கான அவசியத்தை அறிந்தவர் அவர்தான். தாமதமாக வந்தவருக்கு எது தனக்கு வேண்டியது என்று தெரிய வழியில்லை, ஏனென்றால் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் முதல் பாதியை மட்டும் கேட்டால், “இல்லை” என்று சொல்வது உங்களை ஒதுக்குவது போல ஆகிவிடும் என்று நினைத்து அண்ணன் மரியாதைக்காகவே சொல்லத் தொடங்குவார்.

எப்போது கேட்க வேண்டும் என்பதும் உண்டு. பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில் கேளுங்கள். அது வரவில்லை என்றால் உட்கார்ந்து, காப்பி குடித்து, அந்த ஒரு விஷயம் முடியும்வரை காத்திருங்கள். கூட்டம் முடியக் கால் மணி நேரம்கூட இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

விட்டதைச் சொல்லும் பொறுப்பு உள்ளவருக்கும் ஒரு வார்த்தை. முடிந்தவை, இப்போது நடப்பது, வந்தவரிடம் கேட்க வேண்டியது என்ற இந்த வரிசையில் சொன்னால் அரை நிமிடம் ஆகும்.

“கணக்கும் கரண்ட் பில்லும் முடிஞ்சுது, நோட்டுல இருக்கு. இப்ப ஓடு. கொட்டேஷன் நாலு லட்சத்து இருபதாயிரம், பங்குக்கு முப்பதாயிரம். மழைக்கு முன்னாடி, செப்டம்பருக்குள்ள முடிக்கணும்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க சொல்லணும்னு போட்டிருந்தீக, சித்தப்பா முடிச்ச உடனே சொல்லுங்க.”

ஏன் அப்படி முடிவெடுத்தோம், யார் என்ன சொன்னார், யாருக்குக் கோபம் என்பதெல்லாம் இதில் வரக் கூடாது. அவை வந்தால் பேச்சு பின்னோக்கிப் போய்விடும். ஆறு விஷயத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, முடிய முடிய டிக் அடித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. வருகிறவர் தாளைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொள்வார். ஒரு தாள், ஒரு ஸ்கெட்ச் பேனா, இதற்கு ஆகும் செலவு அவ்வளவுதான். முற்றத்தைச் சுற்றிய பத்தியில், வளவுக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு வைப்பதும் நடத்துகிறவரின் வேலை. இல்லையென்றால் வருகிறவர் முற்றத்தைச் சுற்றி எல்லோர் முழங்காலையும் தாண்டிப் போக வேண்டும்.

சண்டை நடக்கும்போது நுழைந்தால்

பங்காளிகள் கூட்டத்தில் குரல் உயர்வது சகஜம். நீங்கள் நுழையும்போது குரல் உயர்ந்திருந்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதையும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் “என்ன விஷயம்?” என்று கேட்டால், இரண்டு பக்கமும் உங்களுக்குச் சொல்லத்தான் செய்யும். ஆனால் அவர்களுக்கு வேண்டியது உங்கள் ஆதரவு. 14 பங்கில் ஆறு ஒரு பக்கம், ஏழு ஒரு பக்கம் என்று நிற்கும்போது பதினான்காவது ஆள் வாசலில் வந்து நிற்கிறார் என்றால், ஒவ்வொரு பக்கமும் முதல் வாக்கியத்திலேயே உங்களைத் தன் பக்கம் இழுக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் மெதுவாகக் கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. அவர் உங்கள் சொந்த அண்ணனாகவே இருக்கலாம், பொய் சொல்லவும் மாட்டார். ஆனால் முக்கால் மணி நேரத்தில் தனக்கு எது உறைத்ததோ அதைத்தான் சொல்வார். “பெரியப்பா வீட்டுக்காரங்க காசு தர மாட்டேன்னுட்டாங்க” என்று அவர் சொல்வார். பெரியப்பா மகன் சொன்னது “தவணையா தர்றோம்” என்பதாக இருக்கும். இதை நம்பி நீங்கள் ஒரு வார்த்தை பேசினால், அது நீங்கள் பேசியதாகத்தான் நிற்கும்.

எனவே எழுதுகிறவரிடம் கேளுங்கள். கூட்டத்தில் நோட்டு எழுதுகிறவர் ஒருவர் இருப்பார். சொன்ன வார்த்தைகள் அவர் கையில் இருக்கும், அவருக்கே ஒரு பக்கம் இருந்தாலும் எழுதியதை மாற்ற முடியாது. கையை நீட்டினால் நோட்டைக் கொடுப்பார், பேச்சே வேண்டாம். இந்தக் காரணத்துக்காகவே தாமதமாக வருகிறவர், முடிந்தால், நோட்டு எழுதுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருவது நல்லது. சில வீடுகளில் நோட்டு கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அங்கே நடத்துகிறவரிடமே, ஓய்வு விடும்போது தனியாகக் கேளுங்கள்.

முடிந்ததைத் திறப்பது

விட்டதைத் தெரிந்துகொள்வதும், முடிந்ததைத் திரும்பப் பேசுவதும் இரண்டு வேறு வேலைகள். கேட்பவருக்குத் தான் எதைச் செய்கிறோம் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளும் கேள்விக்கு ஒரு பதிலோடு பேச்சு முடியும். திறக்கும் கேள்வி “ஏன்” என்று தொடங்கும். “பில்லை யார் கட்டுறது?” என்றால் தெரிந்துகொள்வது. “ஏன் நாமளே கட்டணும், கோயில் திருவிழாவுக்கு வந்து தங்கினவங்க கட்டக் கூடாதா?” என்றால் 10.15க்கு முடிந்த விஷயத்தை நீங்கள் 10.50க்குத் திறந்துவிட்டீர்கள்.

நம் எடுத்துக்காட்டில் வந்தவரின் நிலையைப் பாருங்கள். அவருக்கு முப்பதாயிரம் சம்மதம், ஆனால் ஒரே தடவையில் கட்ட முடியாது, மூன்று மாதத் தவணை வேண்டும். அதோடு, காரைக்குடியில் பழைய வீடு ஒன்றைப் பிரிக்கிறார்கள், அங்கே நல்ல கைஓடு கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டாவது சேதி கூட்டத்துக்குப் பணத்தை மிச்சம் பிடிக்கும். முதலாவது அவர் சொந்தத் தேவை. அவர் நுழைந்தபோது சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார், முடிவு எடுக்கவில்லை. ஆகவே இரண்டையும் சொல்லலாம், அது முடிந்ததைத் திறப்பதாக ஆகாது. வரிசை மட்டும் முக்கியம்: ஓட்டைப் பற்றி முதலில், தவணை பிறகு. தவணையில் தொடங்கினால் “தாமதமாகவும் வந்தார், காசும் தவணையில் கேட்கிறார்” என்று மனதில் விழுந்துவிடும், பழைய ஓட்டைப் பற்றிய நல்ல சேதியை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

“ரெண்டு விஷயம் இருக்கு அண்ணே. காரைக்குடியில ஒரு வீடு பிரிக்கிறாங்க, கைஓடு நல்லா இருக்கு, நம்ம ஓட்டு அளவுதான். கொட்டேஷன்ல புது ஓட்டுக்குப் போட்ட தொகையோட ஒப்பிட்டுப் பாக்கலாம். அடுத்தது, என் பங்கை மூணு மாசத்துல பத்துப் பத்தாயிரமா தர்றேன், வேலை முடியறதுக்குள்ள முழுசும் வந்துரும்.”

கணக்கு இதில் தானாகவே சரியாக இருக்க வேண்டும். கூட்டம் ஜூனில் நடக்கிறது என்றால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று தவணை முடிந்து, வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபருக்கு முன் தொகை முழுவதும் வந்துவிடும். கூட்டம் ஆகஸ்டில் என்றால் இதே தவணை வேலை முடிந்த பிறகும் ஓடும். அப்போது முன்பணமாக எவ்வளவு தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டு வேலையை மழையில் பாதியில் நிறுத்த முடியாது, திறந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் சுண்ணாம்புப் பூச்சு உப்பிப் பெயர்ந்துவிடும்.

இப்போது வேறு மாதிரி வைத்துக்கொள்வோம். அவர் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஓடு விஷயம் முடிந்துவிட்டது, புது ஓடு என்று முடிவாகிவிட்டது. அப்போதும் பழைய ஓட்டைப் பற்றிச் சொல்லலாம், ஏனென்றால் அது புதுத் தகவல், முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாதது. ஆனால் அனுமதி கேட்டுத்தான் சொல்ல வேண்டும். “ஓடு முடிஞ்சுதுன்னு நோட்டுல பாத்தேன். கொட்டேஷனைக் குறைக்கிற மாதிரி ஒரு சேதி இருக்கு, இப்பச் சொல்லவா, கடைசியில சொல்லவா?” என்றால் யாருக்கும் கோபம் வராது. புதுத் தகவல் எதுவும் இல்லாமல், முடிவு பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால், அதை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள். கண்டிப்பாக அன்றே பேச வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் கையெழுத்து இல்லாமல் செல்லாத ஒரு விஷயத்தை, உங்கள் பங்கையும் சேர்த்த விற்பனை, பத்திரம், அடமானம் போன்றதை, நீங்கள் இல்லாமல் முடித்திருந்தால், அது தாமதப் பிரச்சினை இல்லை. அதை நேரடியாகவே நிறுத்துங்கள்.

நோட்டில் கையெழுத்து

கூட்டம் முடிந்ததும் நோட்டு சுற்றி வரும். எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள், நீங்களும் போடுவீர்கள். அப்படிப் போட்டால் நீங்கள் பத்து மணியிலிருந்து இருந்ததாகவும் ஆறு முடிவுகளிலும் கலந்துகொண்டதாகவும் அர்த்தமாகிவிடும். மூன்று வருடம் கழித்துக் கணக்கில் ஒரு தகராறு வந்தால் “நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீக” என்பார்கள். வராததுக்கும் வந்ததுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் கையெழுத்து யாருக்கும் நல்லதில்லை.

கையெழுத்துக்குப் பக்கத்திலேயே “10.45 முதல்” என்று எழுதுங்கள். நீங்கள் இல்லாதபோது முடிந்தவற்றை வாசித்துப் பாருங்கள், சம்மதம் என்றால் அதற்குக் கீழே “1, 2 வாசித்தேன், சம்மதம்” என்று எழுதித் தேதி போடுங்கள். சம்மதம் இல்லாதது இருந்தால் அந்த எண்ணை எழுதாமல் விட்டாலே போதும், நடத்துகிறவருக்குப் புரியும். வழியிலிருந்து அனுப்பிய செய்தியில் ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருந்தாலும் நோட்டில் எழுதுவது நல்லது. போன் மாறினால் செய்தி போய்விடும், நோட்டு அலமாரியில் இருக்கும்.

போனில் தாமதமாகச் சேருகிறவர்கள்

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 10 என்றால் அங்கே பகல் 12.30. அங்கிருந்து தாமதமாகச் சேருகிறவர்களில் பலர் இந்த அரை மணியில்தான் வழுக்குகிறார்கள், இரண்டரையை மூன்றாகக் கணக்குப் போட்டு ஒரு மணிக்குத்தான் கூட்டம் என்று இருந்துவிடுவார்கள். அழைப்பிலேயே இரண்டு நேரத்தையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

போனில் சேரும்போது வணக்கத்தை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். வளவில் ஒரே ஒரு போன் ஸ்பீக்கரில் இருக்கும், உங்கள் குரல் கூடம் முழுக்க எதிரொலிக்கும், பேசுகிறவர் குரல் அதில் அடிபடும். சேரும் முன்பே மைக்கை அணைத்துவிட்டுச் சேருங்கள். “வணக்கம், இப்பச் சேர்ந்தேன். சொல்ல வேண்டியது இருந்தா எழுதுங்க, இல்லைன்னா தொடரட்டும்” என்று எழுதி அனுப்புங்கள். ஸ்பீக்கர் போனை வைத்திருப்பவர் அதை வாசித்து, சரியான இடத்தில் “சிங்கப்பூர்லேர்ந்து தம்பியும் வந்தாச்சு” என்று ஒரு வரி சொன்னால் போதும். அங்கேயும் “வாங்க” என்று கேட்கத்தான் செய்வார்கள், அதற்கு மைக்கைத் திறந்து பதில் சொல்ல வேண்டாம், படம் தெரிந்தால் கையைக் கூப்புங்கள்.

நோட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே நேரத்தை எழுதுகிறவரே போட வேண்டும், இந்திய நேரத்தில். கூட்டம் முடிந்ததும் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, தாமதமாகச் சேர்ந்தவர்கள் எந்த எண்களுக்குச் சம்மதம் என்று அதன் கீழேயே பதில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிலை யாராவது ஒருவர் அன்று மாலையே நோட்டில் எடுத்தெழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் வரை அது எழுதப்படாமலே இருக்கும்.